வேறொருவர் பிடித்திருந்த மைக்

வைத்தியலிங்கம் மகனோடு பேசுவதை நிறுத்தி நாலு வருஷம் ஆகியிருந்தது. துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர் அல்லவா, கோபத்தைக்கூட நிபந்தனைகளோடுதான் படுவார். அமெரிக்காவில் வேலை பார்க்கும் சிவகணேஷ், கல்கத்தாக்காரியான மௌஷுமியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டதைப் போனில் சொன்ன அன்றைக்கு, ரிசீவரைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, "இனி அவன் பேசுத போனை என் கையால தொட மாட்டேன். அவன் குரல் என் காதுல விழக்கூடாது" என்றார். சொன்னது சொன்னதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தச்சநல்லூர் வீட்டில் போன் மணி அடித்தால் எழுந்து புறவாசலுக்குப் போய்விடுவார். ரொம்பத் தூரம் போகமாட்டார் என்பதுதான் வேடிக்கை. தென்னைக்குத் தண்ணீர் விடுகிற சாக்கில், மனைவி ஆவுடைத்தாய் போனில் பேசுவது காதில் விழுகிற இடமாகப் பார்த்து நிற்பார். "என்னது, காய்ச்சலா?" என்று அந்த அம்மாள் கேட்டுவிட்டால் போதும், வாளி நிரம்பி வழிவதுகூடத் தெரியாது. அன்று பூராவும் வீட்டில் யாரிடமும் நேராகக் கேட்காமல், "இப்ப எல்லா ஊர்லயும் காய்ச்சலாத்தான் இருக்கு போல" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார். பாவம், சுவர் என்ன பதில் சொல்லும்?

அந்த மனுஷருக்குத்தான் தொண்டையில் புற்று வந்தது. குரல் கரகரப்பாகி, சளி என்று நினைத்து மாதக்கணக்கில் கஷாயம் குடித்து, கடைசியில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தபோது விஷயம் முற்றியிருந்தது. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், கழுத்தில் ஓட்டை போட்டு அதன் வழியாகத்தான் இனி மூச்சு என்றார் டாக்டர். உயிர் நிற்கும். குரல் நிற்காது.

வீட்டில் எல்லோரும் உயிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வைத்தியலிங்கத்தின் யோசனை வேறாக இருந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு ஒரு மத்தியானம், மகள் விஜயஸ்ரீ சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தபோது, இலையைப் பார்த்தபடி, "உன் கடையில இருக்கே கம்ப்யூட்டரு, அது போன் இல்லைல்லா?" என்று கேட்டார்.

விஜயஸ்ரீக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"போன் இல்லப்பா. அது வேற."

"நான் பேசணும். அவன் பதில் பேசக்கூடாது. நான் பேசுதேன், அவன் கேக்கட்டும். அப்படி முடியுமா?"

"ஏன்ப்பா, ஒரு லெட்டர் எழுதினா என்ன?"

"எனக்கு லெட்டர் எழுத வராது, விஜி. நாப்பது வருஷமா 'பார்வையில் காணும் மனுவின்மீது' ன்னே எழுதின கை. மகனுக்கு எழுதினாலும் அந்த மாதிரிதான் வரும்." கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். "பேசினாத்தான் உண்டு. அதுவும் இந்தக் குரல் இருக்கப்பவே."

விஜயஸ்ரீ அடுக்களைக்குள் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தாள். நாலு வருஷமாக அண்ணனுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நின்று அலுத்துப்போனவள் அவள்தான். அண்ணன் ஒவ்வொரு வாரமும் கடைசிக் கேள்வியாக, "அப்பா ஏதாவது சொன்னாரா?" என்பான். "இல்லண்ணா" என்று சொல்லிச் சொல்லி அவள் நாக்கு தேய்ந்துவிட்டது. இப்போது சொல்ல ஒன்று கிடைத்திருக்கிறது.

அவளுடைய பிரவுசிங் சென்டர் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் இருந்தது. தொண்ணூற்றொன்பதாம் வருஷம், இன்டர்நெட் என்றால் ஏதோ படிப்பு என்று நினைத்து, பிள்ளைகளை அதில் சேர்க்க விலாசம் விசாரித்துக்கொண்டு வருகிற பெற்றோர் உண்டு. மூன்று கம்ப்யூட்டர்கள், ஒரே ஒரு டெலிபோன் லைன். அந்த லைன் பகலில் பத்துத் தடவையாவது அறுந்துவிழும். மூன்றில் ஒன்றை மட்டும் பிளைவுட் தட்டி வைத்து மறைத்துத் தனி அறையாக்கி, அதில் மைக் வைத்திருந்தாள். துபாயிலும் சிங்கப்பூரிலும் ஆள் உள்ளவர்கள் வந்து பேசுவார்கள். அவள் அதைப் பதிந்து மெயிலில் இணைத்து அனுப்புவாள். இது வெளிப்படையான தொழில்.

வெளிப்படையில்லாத தொழிலும் ஒன்று இருந்தது. கம்ப்யூட்டர் வழியாகவே நேரடியாகப் பேசிக்கொள்கிற புரோகிராம் ஒன்றை அந்த மெஷினில் போட்டிருந்தாள். அப்படிப் பேசுவதற்கு அன்றைக்கு அரசாங்கத்தின் அனுமதி கிடையாது. எல்லா சென்டரிலும் இருந்தது, எந்த சென்டரிலும் இல்லை. யாராவது படியேறி வருகிற சத்தம் கேட்டால் ஒரு அமுக்கு, புரோகிராமின் ஜன்னல் மறைந்து திரையின் கீழ்மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்னப் பொட்டாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். மூட வேண்டியதில்லை. மூடினால் மறுபடி எதிராளியைப் பிடிக்க அரைமணி ஆகும். மறைப்பதுதான் வசதி. இந்த வசதி அவள் விரலுக்கே பழகிப்போயிருந்தது.

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அன்று சாயங்காலம், போகிற வழியில் சென்டருக்கு வந்து பேசிவிட்டுப் போவது என்று ஏற்பாடு.

விஜயஸ்ரீ காலையிலேயே எல்லாம் தயார் செய்தாள். விண்டோஸோடு வருகிற ஒலிப்பதிவுப் புரோகிராமுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு நிமிஷம் ஆனதும் தானாக நின்றுவிடும். அப்பாவுக்கு ஒரு நிமிஷம் தொண்டையைச் செருமவே சரியாகப் போய்விடும். அதனால் மைக்கை அணைத்துவைத்து ஒரு நிமிஷ வெற்று மௌனத்தைப் பதிந்து, அதையே வெட்டி ஒட்டி ஒட்டி ஐந்து நிமிஷக் கோப்பாக நீட்டிவைத்தாள். அதன் தலையிலிருந்து பதிந்தால் மௌனம் அழிந்து அந்த இடத்தில் குரல் உட்காரும். தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் செய்கிற வித்தைதான். தன் குரலை வைத்து ஒருமுறை சரிபார்த்து, மறுபடி வெற்றுக் கோப்பைத் திறந்துவைத்தாள்.

சாயங்காலம் அண்ணனைப் பிடித்தாள். அங்கே அவனுக்குக் காலை. மறைத்துவைக்கும் அந்தப் புரோகிராமில்தான் பேசினார்கள்.

"அப்பா பேசப்போறாங்கண்ணா. உனக்குத்தான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"நிஜமாவா, விஜி?"

"நிஜமா. நீ பதில் பேசக்கூடாதாம். பதிஞ்சு மெயில்ல அனுப்புதேன். ஆபீஸ்ல போய்க் கேளு."

"காலைல மீட்டிங் இருக்கு. அது கிடக்கட்டும். எப்ப அனுப்புவ?"

"இந்தா, வந்துக்கிட்டே இருக்காங்க."

"சரி, நான் கிளம்புதேன். லைனை நீயே கட் பண்ணிடு."

அவள் கையை மவுஸ்மேல் வைக்கும்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வந்தவர் நூகு அண்ணாச்சி. நல்ல மனுஷர், ஆனால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிறவர். மகளுடைய பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்திருந்தார். விஜயஸ்ரீயின் விரல் யோசிக்காமல் அந்த அமுக்கை அமுக்கியது. ஜன்னல் மறைந்தது. மைக்கின் கழுத்தில் இருந்த சுவிட்சையும் அணைத்தாள். "வாங்க அண்ணாச்சி, நம்பர் கொண்டாந்திருக்கீங்களா?" என்று எழுந்து வெளியே வந்தாள். அண்ணாச்சி மகள் கணக்கில் சதம். அவர் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிவர ஓடினார். அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் கீழே ஆட்டோ வந்து நின்றது.

லைனைக் கட் பண்ண வேண்டும் என்பது அவளுக்கு மறந்தேபோனது.

வைத்தியலிங்கம் சலவை வேட்டி சட்டையில், நெற்றி நிறைய திருநீறோடு வந்தார். கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். ஆவுடைத்தாய் ஆஸ்பத்திரிப் பையோடும் பிளாஸ்கோடும் பின்னால் ஏறி வந்து, மூச்சு வாங்க வாசல் நாற்காலியில் உட்கார்ந்தாள். விஜயஸ்ரீ அப்பாவை அந்தத் தட்டி அறைக்குள் கூட்டிப்போய், மைக் சுவிட்சைப் போட்டு, திரையில் இருந்த பொத்தான்களைக் காட்டினாள்.

"இந்தச் சிவப்புப் புள்ளியை அமுக்கிட்டுப் பேசுங்க. முடிஞ்சதும் இந்தக் கட்டம். அவ்வளவுதான். நான் பக்கத்துலயே இருக்கேன்."

"நீ இருக்கக்கூடாது."

"சரிப்பா. வெளிய நிக்கேன்."

"நிக்கதும் சரி, பெறகு போட்டுக் கேக்கதும் சரி, ரெண்டும் கூடாது. இது எனக்கும் அவனுக்கும். சத்தியம் பண்ணு."

தாசில்தார் ஆபீஸ் நிபந்தனை. அவள் அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். கிளம்பும்போது, சென்டருக்கு வருகிற எல்லோருக்கும் நாளெல்லாம் சொல்கிற அதே வார்த்தையை அவருக்கும் சொன்னாள்.

"நடுவுல ஏதாவது பெட்டி வந்து நின்னா பயப்படாதீங்கப்பா. ஓகேன்னு இருக்கும், அதை அமுக்கிருங்க. போயிரும்."

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் பெட்டி வராமல் என்ன செய்யும்? இடம் போதவில்லை என்று ஒன்று, வைரஸ் மருந்து காலாவதி என்று ஒன்று, சும்மா ஒன்று. படித்துப் பார்த்தால் பிழைப்பு நடக்காது. ஓகேயை அமுக்கு, வேலையைப் பார். அவளே அப்படித்தான்.

கதவைச் சாத்திவிட்டு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தட்டிக்கு அந்தப் பக்கம் முதலில் சத்தமே இல்லை. பிறகு செருமல். பிறகு அந்தக் கரகரத்த குரல், ஏறி இறங்கி, நின்று, மறுபடி தொடங்கியது. வார்த்தை பிடிபட்டுவிடுமோ என்று பயந்து விஜயஸ்ரீ எழுந்துபோய் மின்விசிறியை வேகமாக வைத்தாள். ஆவுடைத்தாய்க்குச் சத்தியம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவளும் முந்தானையால் காதோடு சேர்த்துத் தலையை மூடிக்கொண்டாள். ஒருகட்டத்தில் விசிறிச் சத்தத்தையும் மீறி விம்மல் கேட்டது. ஆவுடைத்தாய் மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை.

கதவைத் திறந்துகொண்டு வந்தவரின் முகம், குளித்துவிட்டு வந்தவர் முகம்போல இருந்தது.

"ஒரு பெட்டி வந்துச்சு. நீ சொன்ன மாதிரி ஓகே குடுத்தேன், போயிட்டு" என்றார். "எல்லாம் சொல்லிட்டேன், விஜி. ஒண்ணும் பாக்கி வைக்கல."

விஜயஸ்ரீ உள்ளே போனாள். திரையில் கோப்பு இருந்தது. நீளம் ஐந்து நிமிஷம். நீளம் என்றைக்குமே ஐந்து நிமிஷம்தான், காலையில் அவளே நீட்டிவைத்தது. அந்த நேரத்தில் அது அவள் புத்திக்கு எட்டவில்லை. போட்டுக் கேட்கவும் சத்தியம் குறுக்கே நின்றது. சேமித்து, சுருக்கி, மெயிலில் இணைத்து அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது என்று வந்ததும் மெஷினை அணைத்துவிட்டு, அவர்களோடு ஆட்டோவில் ஏறினாள். ஆஸ்பத்திரி வரைக்கும் வைத்தியலிங்கம் பேசிக்கொண்டே வந்தார். முருகன்குறிச்சியில் ஒரு காலத்தில் தான் குடியிருந்த வீட்டைக் காட்டினார். சிவா அங்கேதான் நடை பழகினான் என்றார். மகனின் பெயரை அவர் வாயால் கேட்டு ஆவுடைத்தாய் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் வெளியே வந்து சொன்ன பிறகு, அண்ணனுக்குத் தகவல் அனுப்ப விஜயஸ்ரீ சென்டருக்கு வந்தாள். வந்து மெயிலைத் திறந்தால் அவனுடையது முந்தியே வந்து கிடந்தது. எப்போதும் போலத் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தான்.

'விஜி, ஐந்து நிமிஷமும் கேட்டேன். வால்யூமைக் கூட்டிக் கேட்டேன். ஆபீஸில் வேறு மெஷினில் போட்டும் கேட்டேன். அப்பா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. உனக்காக வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார். பரவாயில்லை. பேசமாட்டேன் என்பதைக்கூட எனக்கென்று ஐந்து நிமிஷம் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். வீட்டுக்குப் போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. ஆபரேஷன் முடிந்ததும் சொல்லு.'

விஜயஸ்ரீ சத்தியத்தை ஒதுக்கிவிட்டுக் கோப்பைப் போட்டாள். பச்சைக் கோடு நேராக ஓடியது. கடைசிவரைக்கும் ஒரு நெளிவு இல்லை. அவள் பதிந்த மௌனம் அவளுக்கே திரும்பி வந்தது.

மைக் போய்விட்டதா? ஒலிப்பதிவைத் திறந்து சிவப்புப் புள்ளியை அமுக்கி "ஹலோ" என்றாள். கோடு துள்ளியது. மைக்கில் குறையில்லை. நேற்று மட்டும் என்ன? 'ஒரு பெட்டி வந்துச்சு.' அப்போதுதான் அவளுக்கு நூகு அண்ணாச்சியின் செருப்புச் சத்தம் ஞாபகம் வந்தது.

நேரடிப் பேச்சுப் புரோகிராமைத் திறந்து, கடிகாரத்துப் பக்கம் மறைத்துவைத்தாள். அந்த ஐந்து நிமிஷக் கோப்பில் மறுபடி சிவப்புப் புள்ளியை அமுக்கினாள். திரையின் நடுவில் பெட்டி வந்து நின்றது. வேறொரு புரோகிராம் ஒலியைப் பதிந்துகொண்டிருக்கிறது, அதை மூடிவிட்டு மறுபடி முயலவும் என்று ஆங்கிலத்தில் சொன்னது. கீழே ஓகே. அமுக்கினாள். பெட்டி போய்விட்டது, நீளம் அப்படியே ஐந்து நிமிஷம், கோடு அசையவில்லை. மைக் ஒன்று, அதை ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் பிடிக்க முடியும். முதலில் பிடித்தவர் விடாதவரைக்கும் அடுத்தவருக்குக் கிடையாது. இது அவளுக்குத் தெரியாததா? மற்றவர்களுக்கு எத்தனை தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறாள்! அவள்தான் மூடவில்லை. அவள்தான் ஓகே அமுக்கச் சொன்னாள். தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள், நிஜமாகவே, தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த பையன்கள் எட்டிப் பார்க்கும்படி.

அறைந்துகொண்ட கை கன்னத்திலேயே நின்றுவிட்டது. மைக்கை ஒரு புரோகிராம் பிடித்திருந்தது என்றால், பிடித்து என்ன செய்தது? லைன் கட் ஆகவில்லை. தினமும் பத்துத் தடவை அறுந்துவிழுகிற அந்தப் பாழாய்ப்போன லைன் நேற்று ஒரு தடவைகூட அறுந்துவிழவில்லை. அப்படியென்றால் அப்பாவின் குரல் போயிருக்கிறது. அண்ணன் வீட்டுக்கே போயிருக்கிறது.

கீழே எஸ்.டி.டி. பூத்துக்கு இறங்கி ஓடினாள். அங்கே விடியற்காலை. சிவகணேஷ் தூக்கக் குரலில் எடுத்தான்.

"அண்ணா, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிட்டு. அப்பா பேசினாங்க! பதிவாகல, என் தப்பு. ஆனா பேசினாங்க. அது நேரா உன் வீட்டு கம்ப்யூட்டருக்கு வந்திருக்கு. அண்ணி இருந்தாளா? கேளு, அண்ணியக் கேளு!"

"நேத்து நான் வீட்டுக்கு வந்து யார்கிட்டயும் பேசல, விஜி. படுத்துட்டேன்." அவன் குரல் முழித்துக்கொண்டது. "இரு."

அந்தப் பக்கம் ஏதோ பேசுகிற சத்தம். பிறகு மௌஷுமியே எடுத்தாள். அவர்கள் இரண்டு பேருக்கும் பொது மொழி ஆங்கிலம்தான்.

"நான் கேட்டேன்" என்றாள் மௌஷுமி. "சிவா கிளம்பிப் போன பிறகு, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் ஒரு பெரியவரின் குரல். முதலில் லைன் மாறி வந்துவிட்டது என்று நினைத்து அணைக்கப் போனேன். அப்போது சிவா என்றார். அதற்கப்புறம் என் பெயரைச் சொன்னார்."

"உங்கள் பெயரா?"

"என் பெயர்தான். அவர் சொல்லும்போது வேறு மாதிரி இருந்தது, ஆனால் என் பெயர்தான். மூன்று நான்கு முறை சொன்னார். நான் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிட்டேன். என் அப்பாவைக் கூப்பிடுவதுபோல, பாபா, நான் இங்கே இருக்கிறேன் என்று மைக்கில் சொன்னேன். அவர் நிறுத்தவே இல்லை. நான் சொன்னது அவருக்குக் கேட்டதா?"

விஜயஸ்ரீயின் பழைய சவுண்ட் கார்டுக்கு ஒரு நேரத்தில் பேசவோ கேட்கவோதான் தெரியும், இரண்டும் சேர்ந்து வராது. அவர் பேசிக்கொண்டிருந்தவரைக்கும் மௌஷுமியின் குரல் அந்த அறைக்குள் வந்திருக்க வழியில்லை.

"இல்லை" என்றாள்.

"அவர் அழுதார். நானும் அழுதேன். எனக்குத் தமிழில் சாப்பிடு, வா, போ, தவிர ஒன்றும் தெரியாது. ஆசீர்வாதம் பண்ணினாரா, திட்டினாரா என்றுகூடத் தெரியாது. திட்டுகிறவர் அவ்வளவு மெதுவாகப் பேசமாட்டார் இல்லையா? சாயங்காலம் சிவா வந்ததும் கேட்கலாம் என்றிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்துப் பயந்து பேசாமல் இருந்துவிட்டேன்."

உலகத்திலேயே அந்தப் பேச்சைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அவளுக்கு அதில் இரண்டு பெயர்களைத் தவிர ஒன்றும் விளங்கவில்லை. பூத்துக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு விஜயஸ்ரீ வாய்விட்டு அழுதாள்.

சிவகணேஷ் போனை வாங்கினான். "டிக்கெட் கிடைச்சதும் கிளம்பி வாரேன்" என்றான். பிறகு, "வந்து என்னத்தைக் கேக்க, விஜி?" என்றான்.

நான்காம் நாள்தான் வைத்தியலிங்கத்தைச் சாய்த்து உட்கார வைத்தார்கள். கழுத்தில் கட்டு, நடுவில் குழாய், மூச்சு விடும்போது அதிலிருந்து சீறுகிற சத்தம். நர்ஸ் ஒரு சிலேட்டும் பலப்பமும் மடியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஆவுடைத்தாய் கேன்டீனுக்குப் போயிருந்த நேரம். மகளைக் கண்டதும் அவர் பலப்பத்தை எடுத்து முதன்முதலாக எழுதினார்.

'கேட்டானா?'

பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவர் முகத்தில் அப்படி ஒரு ஆசை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன என்று விஜயஸ்ரீ வருகிற வழியெல்லாம் நினைத்திருந்தாள். ஆனால் அண்ணன் வந்து நின்றால், அப்பா அவன் முகத்தில் பதிலைத் தேடுவார். அவன் முகத்தில் ஒன்றும் இருக்காது. அதனால் கட்டிலோரத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். மறைத்துவைத்ததை, மூட மறந்ததை, அந்தப் பெட்டி என்ன சொன்னது என்பதை, ஐந்து நிமிஷ மௌனத்தை.

"நான்தான்ப்பா கெடுத்தேன்" என்றாள்.

அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. குழாய் வேகமாகச் சீறியது.

"ஆனா உங்க பேச்சு அங்கன போயிருக்குப்பா. மௌஷுமி கேட்டிருக்கா. அவ பேரைச் சொன்னீகளாமே. வேலையைப் போட்டுட்டுக் கடைசிவரைக்கும் முன்னால உக்காந்து கேட்டிருக்கா. நீங்க அழுதப்ப அவளும் அழுதாளாம். பாபான்னு கூப்பிட்டிருக்கா. உங்களுக்குத்தான் கேக்கல."

வைத்தியலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது ஓரத்தில் வழிந்தது. சிலேட்டைத் துடைத்தார். பலப்பத்தை வைத்துச் 'சிவாவுக்கு' என்று எழுதினார். அடுத்த வார்த்தைக்காகப் பலப்பம் சிலேட்டின்மேல் நின்றுகொண்டே இருந்தது. வரவில்லை. சிலேட்டை மடியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார்.

பிறகு பேச ஆரம்பித்தார்.

உதடுகள் அசைந்தன. சிவா என்பது அவளுக்குத் தெரிந்தது, அதற்கப்புறம் ஒன்றும் தெரியவில்லை. நிறுத்தி, புருவத்தை உயர்த்தி, கையை விரித்து, தொண்டையைச் செரும முயன்று, மறுபடி தொடங்கி, அன்றைக்குத் தட்டிக்கு அந்தப் பக்கம் எப்படிப் பேசியிருப்பாரோ அப்படியே முழுசாகப் பேசினார். காற்று வாய்க்கு வராமல் கழுத்துக் குழாய் வழியாகவே போய்க்கொண்டிருந்தது. நர்ஸ் ஓடிவந்து, பேசக்கூடாது என்று சைகை காட்டியும் அவர் பார்க்கவில்லை. இந்தத் தடவை காதைப் பொத்திக்கொள்ள விஜயஸ்ரீக்கு எந்தச் சத்தியமும் இல்லை. அவள் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, ஒரு உதட்டசைவையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆவுடைத்தாய் பிளாஸ்கோடு வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள். புருஷனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏட்டி, என்ன சொல்லுதாவ?"

"தெரியலம்மா" என்றாள் விஜயஸ்ரீ. "சொல்லி முடிக்கட்டும்."